ஒரு சாவி, ஒரே செய்தி: ஹேஷை மட்டும் நம்பும் கையொப்பங்கள்

டிஜிட்டல் கையொப்பங்களில் ஒரு வகை உண்டு. அதைக் கட்ட எண் கோட்பாடு வேண்டாம், பகா எண்கள் வேண்டாம், நீள்வட்ட வளைவுகளும் வேண்டாம். ஒரே ஒரு ஹேஷ் சார்பு போதும். ஆனால் அதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை இருக்கிறது: ஒரு சாவியைக் கொண்டு ஒரு முறைதான் கையொப்பமிடலாம். இந்த நிபந்தனையைக் கேட்டவுடன், இது ஏதோ அரைகுறையாக வடிவமைத்ததன் விளைவு, பின்னால் வந்தவர்கள் திருத்தியிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. இந்த முறையில் கையொப்பமிடுவது என்றாலே ரகசியத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கொடுப்பதுதான். ஆகவே, ஒரு முறை என்பது வெளியிலிருந்து ஒட்டப்பட்ட விதி அல்ல. அந்தச் செயலுக்குள்ளேயே இருப்பது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தவில்லை. அதைக் காப்பாற்றும் வழிகளைத்தான் கண்டுபிடித்தார்கள்.

முதலில் ஹேஷ் சார்பு நமக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். ஷா-256 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளமான செய்தியைக் கொடுத்தாலும் அது 256 பிட்டுகள், அதாவது 32 பைட்டுகள் கொண்ட ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். உள்ளே போனதிலிருந்து வெளியே வருவதைக் கணிப்பது நொடியில் முடியும். வெளியே வந்ததை வைத்துக்கொண்டு உள்ளே போனதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதைவிடக் கணிசமாகச் சிறந்த வழி எதுவும் இதுவரை தெரியவில்லை. ஆர்.எஸ்.ஏ. போன்ற கையொப்ப முறைகள் வேறு விதமானவை. அவற்றின் கணக்குக்குள் ஓர் ஒழுங்கமைப்பு இருக்கிறது. சாவியை வைத்திருப்பவர் அந்த ஒழுங்கைப் பயன்படுத்தி, சாவியைக் காட்டாமலே அது தன்னிடம் இருப்பதை மெய்ப்பிக்க முடிகிறது. அதே ஒழுங்குதான் அவற்றின் பலவீனமும் ஆகிறது. 1994-ல் பீட்டர் ஷோர் காட்டிய வழிமுறை, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால், ஆர்.எஸ்.ஏ.வையும் நீள்வட்ட வளைவு முறைகளையும் அந்த ஒழுங்கைப் பற்றிக்கொண்டே உடைத்துவிடும். ஹேஷ் சார்பில் பற்றிக்கொள்ள அப்படி ஒன்றும் இல்லை. குரோவரின் குவாண்டம் தேடல் முறை 2²⁵⁶ முயற்சிகளை ஏறத்தாழ 2¹²⁸ ஆகக் குறைக்கும். அதுவும் எட்டாத எண்தான். இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கையொப்ப முறை பாதுகாப்பாக இருக்க வேண்டுமானாலும், திருப்ப முடியாத ஒரு சார்பு உலகில் இருந்தே ஆக வேண்டும். அது ஒன்று இருந்தால் கையொப்பத்துக்கு அதுவே போதும் என்று 1990-ல் ஜான் ரோம்பல் நிறுவினார். ஆகவே, ஹேஷை மட்டும் நம்புகிறவர் நம்பக்கூடியவற்றில் மிகக் குறைந்ததை நம்புகிறார்.

ஆனால் ஒழுங்கமைப்பு இல்லாத ஒன்றை வைத்து எப்படிக் கையொப்பமிடுவது? இதற்கு லெஸ்லி லாம்போர்ட் சொன்ன விடை 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் எழுதிய கட்டுரையிலேயே இடம்பெற்றது. 1979-ல் அவரே அதைத் தனி அறிக்கையாக எழுதினார். ஓர் அட்டவணையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 256 வரிசைகள். வரிசைக்கு இரண்டு கட்டங்கள், ஒன்றின் தலைப்பு 0, மற்றதன் தலைப்பு 1. மொத்தமுள்ள 512 கட்டங்களிலும் கையொப்பமிடுபவர் 32 பைட் நீளமுள்ள எண்களைத் தற்போக்காக நிரப்புகிறார். இதுதான் ரகசியச் சாவி. அளவு 16,384 பைட்டுகள். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் ஹேஷ் செய்து, அதே வடிவில் இன்னோர் அட்டவணை தயாரித்து ஊரறிய வெளியிடுகிறார். அது பொதுச் சாவி. செய்தி வந்ததும் அதை ஹேஷ் செய்கிறார்; 256 பிட்டுகள் கிடைக்கின்றன. முதல் பிட் 1 என்றால் முதல் வரிசையில் 1-இன் கீழுள்ள ரகசிய எண்ணை எடுத்து வைக்கிறார். இரண்டாம் பிட் 0 என்றால் இரண்டாம் வரிசையில் 0-இன் கீழுள்ளதை எடுக்கிறார். இப்படி எடுத்த 256 எண்களும் சேர்ந்ததுதான் கையொப்பம். அளவு 8,192 பைட்டுகள். சரிபார்ப்பவர் செய்தியைத் தானே ஹேஷ் செய்து, தனக்கு வந்த ஒவ்வோர் எண்ணையும் ஹேஷ் செய்து, பொதுச் சாவியில் அந்தந்தக் கட்டத்தில் உள்ளதோடு ஒப்பிடுகிறார். 256-ம் பொருந்தினால் கையொப்பம் செல்லும்.

இதில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். ரகசியச் சாவியில் சரிபாதி வெளியே போய்விட்டது. அது தவறி நடந்த கசிவு அல்ல. அந்தப் பாதிதான் கையொப்பம். பொய்க் கையொப்பம் போட நினைப்பவர் இந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வேறொரு செய்தியின் ஹேஷ் குறைந்தது ஒரு பிட்டிலாவது மாறும். அந்த ஒரு வரிசையில் அவருக்குத் தேவையான எண் இன்னும் மூடியே இருக்கிறது. அதைப் பெற ஹேஷைத் திருப்ப வேண்டும், அது முடியாது. ஆகவே, ஒரு கையொப்பம் வரைக்கும் பாதுகாப்பு முழுமையானது. இரண்டாவது கையொப்பம் என்ன செய்கிறது என்று பார்க்க 256 வரிசை தேவையில்லை, நான்கே வரிசை போதும். முதல் செய்தியின் ஹேஷ் 1011, இரண்டாவதன் ஹேஷ் 1101 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசையிலும் நான்காம் வரிசையிலும் இரண்டு முறையும் ஒரே எண்தான் வெளியானது. நடுவிலுள்ள இரண்டு வரிசைகளிலோ 0-க்கு உரியதும் 1-க்கு உரியதும் ஆக இரண்டுமே வெளியாகிவிட்டன. இப்போது 1001 என்ற ஹேஷுக்கும் 1111 என்ற ஹேஷுக்கும் யார் வேண்டுமானாலும் கையொப்பம் தயாரிக்கலாம். சாவிக்கு உரியவர் அந்த இரண்டையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சரிபார்ப்பவருக்கோ அவற்றுக்கும் உண்மையான கையொப்பத்துக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஏனென்றால் வேறுபாடு எதுவும் இல்லை; அவை உண்மையான ரகசிய எண்களால் ஆனவை.

முழு அளவுக்கு இதை விரித்தால் சரிவின் வேகம் தெரியும். தொடர்பில்லாத இரண்டு செய்திகளின் ஹேஷ்கள் ஏறத்தாழ பாதி இடங்களில், அதாவது சுமார் 128 வரிசைகளில் வேறுபடும். அந்த வரிசைகள் பொய்யருக்கு முழுதும் திறந்துவிடுகின்றன. எஞ்சிய 128 வரிசைகள்தான் அவரைத் தடுக்கின்றன. மூன்றாம் கையொப்பத்துக்குப் பின் தடுப்பவை சுமார் 64, நான்காவதுக்குப் பின் 32, ஐந்தாவதுக்குப் பின் 16. தடுக்கும் வரிசைகள் 32 ஆகும்போது, பொய்யர் தன் செய்தியில் ஒரு சொல்லையோ ஓர் இடைவெளியையோ மாற்றி மாற்றி 2³² முறை, அதாவது ஏறத்தாழ 430 கோடி முறை முயன்றால், அந்த 32 இடங்களும் பொருந்தும் ஒரு வடிவம் கிடைத்துவிடும். சாதாரணக் கணினிக்கு அது சில நிமிட வேலை. பதினாறு ஆகும்போது 65,536 முயற்சிகள். ஒரு நொடிகூட ஆகாது.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். இரண்டாம் கையொப்பத்துக்குப் பிறகும் 128 வரிசைகள் தடுக்கின்றனவே, 2¹²⁸ என்பதும் எட்டாத எண் என்று நீங்களே சொன்னீர்களே, பிறகு ஏன் இரண்டு முறை அனுமதிக்கக் கூடாது? கேள்வி சரியானது; லாம்போர்ட் முறையைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் 128 என்பது செய்திகள் தற்போக்காக அமைந்தால் கிடைக்கும் சராசரி. எந்தச் செய்திக்குக் கையொப்பம் வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு எதிரிக்கு இருந்தால், ஹேஷ்கள் இன்னும் பல இடங்களில் வேறுபடும் ஓர் இணையை முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்டு அவற்றையே கொண்டு வருவார். எஞ்சும் வரிசைகள் 128-லிருந்து கீழே இறங்கும். குவாண்டம் தேடலையும் கணக்கில் சேர்த்தால் அந்த எண் மேலும் பாதியாகும். குவாண்டம் கணினிக்கு அஞ்சித்தானே ஹேஷிடம் வந்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, 16 கிலோபைட் பொதுச் சாவியும் 8 கிலோபைட் கையொப்பமும் கொண்ட லாம்போர்ட் முறையை யாரும் அப்படியே பயன்படுத்துவதில்லை. நடைமுறையில் இருப்பது அதன் சுருங்கிய வடிவம். அந்த வடிவத்துக்கு இந்த இரக்கம் கிடையாது.

அந்தச் சுருக்கத்தை ராபர்ட் வின்டர்னிட்ஸ் என்ற கணிதவியலர் 1979-ல் ரால்ஃப் மெர்க்கிளுக்குச் சொன்னார். பிட்டுக்கு ஒரு வரிசை என்பதற்குப் பதிலாக நான்கு பிட்டுகளுக்கு ஒரு சங்கிலி. ஒரு ரகசிய எண்ணிலிருந்து தொடங்கி, ஹேஷ் செய்ததையே மீண்டும் ஹேஷ் செய்து 15 படிகள் போனால் கிடைப்பது பொதுச் சாவியின் ஒரு பகுதி. செய்தியின் ஹேஷில் அந்த நான்கு பிட்டுகளின் மதிப்பு 11 என்றால், 11 படிகள் போன இடத்தில் உள்ள எண்ணைக் கையொப்பமாகக் கொடுக்கிறோம். சரிபார்ப்பவர் மேலும் நான்கு படிகள் போய் முடிவு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். இதில் ஒரு சிக்கல் உடனே தெரியும். 11-ஆம் படியின் எண் கிடைத்தவர் 12, 13 என்று முன்னால் போகலாம்; அதற்கு ரகசியம் எதுவும் தேவையில்லை. இதைத் தடுக்க ஒரு சரிபார்ப்புத் தொகை சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் முடிவுக்கு இன்னும் எத்தனை படிகள் மீதம் இருக்கின்றனவோ, அவை அனைத்தையும் கூட்டி, அந்தத் தொகைக்கும் தனிச் சங்கிலிகளில் கையொப்பமிடுகிறோம். பொய்யர் செய்திச் சங்கிலியில் ஒரு படி முன்னேறினால் மீதத் தொகை ஒன்று குறையும். குறைந்த தொகைக்குக் கையொப்பமிட, தொகைச் சங்கிலி ஏதாவது ஒன்றில் பின்னோக்கிப் போக வேண்டும். பின்னோக்கிப் போவது என்றால் ஹேஷைத் திருப்புவது. 256 பிட்டுகளுக்கு 64 சங்கிலிகள், தொகைக்கு 3, ஆக 67 சங்கிலிகள்; கையொப்பம் 2,144 பைட்டுகளாகச் சுருங்கிவிட்டது.

இந்தக் காவல் முழுவதும் ஒரு சமநிலையில் நிற்கிறது: ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்க வேண்டும். அதே சாவியில் இரண்டாம் செய்திக்குக் கையொப்பமிட்டால் சமநிலை குலைகிறது. ஒரு சங்கிலியில் முதல் முறை 11, இரண்டாம் முறை 4 என்றால், 4 முதல் 15 வரை எந்தப் படியும் பொய்யருக்குச் சொந்தம். ஒவ்வொரு சங்கிலியிலும், தொகைச் சங்கிலிகள் உட்பட, இரண்டில் தாழ்ந்த படியே அவருக்குத் தொடக்கப் புள்ளி ஆகிறது. லாம்போர்ட் முறையில் இரண்டாம் கையொப்பம் ஒரு வரிசையைத் திறந்தால் அதில் ஒரே ஒரு பிட் தெரிவு கூடியது. இங்கே ஒரு சங்கிலியில் ஒரே வீச்சில் பல மதிப்புகள் கூடுகின்றன. லியோன் குரூட் புரூயின்டரிங்கும் ஆண்ட்ரியாஸ் ஹியூல்சிங்கும் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். லாம்போர்ட் முறை மெதுவாகத்தான் தேய்கிறது, வழக்கமான அளவுகளில் ஓரளவு தாங்கும். வின்டர்னிட்ஸ் முறையோ வழக்கமான அளவுகளில் இரண்டு செய்திகளுக்குப் பின் ஏற்கத்தக்க பாதுகாப்பைத் தருவதில்லை என்பது அவர்கள் முடிவு. ஆகவே இரண்டு முறை அனுமதிக்கலாமே என்ற ஆட்சேபம், யாரும் பயன்படுத்தாத பருத்த வடிவத்துக்கு மட்டும் பொருந்துகிறது. எவ்வளவு சுருக்குகிறோமோ, அவ்வளவுக்கு ஒரு முறை என்பது கறாராகிறது.

ஒரு முறைதான் என்றால் இது எதற்குப் பயன்படும் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு மெர்க்கிளின் விடை, ஒரு சாவியைப் பலமுறை பயன்படுத்துவது அல்ல, பல சாவிகளை ஒரே பொதுச் சாவியின் கீழ் கொண்டு வருவது. 1,024 ஒருமுறைச் சாவிகளைத் தயாரித்து, அவற்றின் பொதுச் சாவிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹேஷ் செய்து, கிடைத்தவற்றை மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால், பத்தாவது மட்டத்தில் ஒரே ஒரு 32 பைட் மதிப்பு எஞ்சும். உலகத்துக்கு அந்த உச்சி மதிப்பைக் கொடுத்தால் போதும். கையொப்பமிடும்போது எத்தனையாவது சாவி என்ற எண்ணையும், அந்தச் சாவி உச்சியைச் சேர்ந்தது என்று காட்டப் பத்து இடைமதிப்புகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 2018-ல் இணையத் தர ஆவணமாக வந்த எக்ஸ்.எம்.எஸ்.எஸ். முறையில் பத்து மட்ட மரத்தின் கையொப்பம் 2,500 பைட்டுகள்: சங்கிலிகளுக்கு 2,144, இடைமதிப்புகளுக்கு 320, ஒரு தற்போக்கு எண்ணுக்கு 32, வரிசை எண்ணுக்கு 4. ரகசிய எண்கள் எல்லாவற்றையும் சேமிக்கவும் வேண்டாம். ஒரு சிறிய விதை எண்ணிலிருந்து வேண்டும்போது வருவித்துக்கொள்ளலாம். ஆக, கையொப்பமிடுபவர் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: மாறாத ஒரு விதை, அடுத்து எந்தச் சாவி என்று சொல்லும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வரிசை எண்.

உண்மையான ஆபத்து அந்த வரிசை எண்ணில்தான் இருக்கிறது. இந்த முறைகள் மீது சொல்லப்படும் மிக வலுவான ஆட்சேபமும் அதுதான்: கணினிகள் எண்ணிக்கையை மறக்கின்றன. சர்வர் பழுதாகி நேற்றைய பேக்கப்பிலிருந்து மீட்டால் வரிசை எண்ணும் நேற்றைக்குத் திரும்பும். இன்று பயன்படுத்திய சாவிகள் மறுபடியும் புதியவையாகத் தோன்றும். ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே நகலெடுத்தால் இரண்டு நகல்களும் ஒரே எண்ணிலிருந்து தொடரும். கையொப்பத்தை அனுப்பிவிட்டுப் பிறகு எண்ணை வட்டில் எழுதும் நிரலில், அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அதே கதிதான். ஆகவே, எண்ணை உயர்த்தி நிலையாக எழுதிய பிறகே கையொப்பம் வெளியே போக வேண்டும். இடையில் பழுது நேர்ந்தால் ஒரு சாவி வீணாகலாம், இரண்டு முறை பயன்படக் கூடாது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2020-ல் எக்ஸ்.எம்.எஸ்.எஸ்., எல்.எம்.எஸ். ஆகிய முறைகளை ஏற்றபோது, சாவிகளை உருவாக்குவதும் கையொப்பமிடுவதும் ரகசியத்தை வெளியே எடுக்க முடியாத வன்பொருளுக்குள் நடக்க வேண்டும் என்று விதித்தது இதனால்தான். பேக்கப் எடுப்பது நல்ல பழக்கம் என்ற பொது விதி இங்கே தலைகீழாகிறது. தவறு நடந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு. வரிசை எண் கையொப்பத்தில் வெளிப்படையாகவே இருப்பதால், ஒரே எண்ணும் வேறு செய்தியும் கொண்ட இரண்டு கையொப்பங்கள் கண்ணில் பட்டால் அந்தச் சாவி கெட்டுவிட்டது என்று அறியலாம். ஆனால் வெளியிட்ட கையொப்பங்களை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்து வைத்தால்தான் அது கண்ணில் படும்.

இந்தக் காவலைப் பொதுமக்களிடம் ஒப்படைத்தால் என்னாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐயோட்டா என்ற மின்பண வலையமைப்பு தொடக்கத்தில் வின்டர்னிட்ஸ் வகைக் கையொப்பத்தைப் பயன்படுத்தியது. ஒரு முகவரியிலிருந்து பணம் அனுப்பிய பிறகு அந்த முகவரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று பயனர்களுக்குத் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. பழைய முகவரிக்கே யாராவது மறுபடி பணம் அனுப்பிவிட்டால், அதை எடுக்க அதே சாவியில் இரண்டாம் கையொப்பம் போட்டாக வேண்டும். பயனர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் மற்றவர் செய்வதை அவரால் தடுக்க முடியாது. 2021-ல் அந்த வலையமைப்பு, முகவரிகளை மீண்டும் பயன்படுத்த இடம் தரும் நீள்வட்ட வளைவுக் கையொப்பத்துக்கு மாறியது. கணிதம் எதுவும் பொய்த்துவிடவில்லை. எண்ணிக்கையைக் காக்க முடியாதவர்களிடம் எண்ணிக்கையைக் கொடுத்ததுதான் தவறு.

அப்படியானால் எண்ணிக்கை தேவையில்லாத ஹேஷ் கையொப்பம் 2024 ஆகஸ்டில் நிஸ்டின் தரமாகவே வந்துவிட்டதே, அது உங்கள் வாதத்தைப் பொய்யாக்கவில்லையா என்று கேட்கலாம். ஸ்பிங்க்ஸ் பிளஸ் என்ற முறையிலிருந்து உருவான ஃபிப்ஸ் 205 தரத்தைச் சொல்கிறேன். அதன் உள்ளே பார்த்தால் ஒருமுறைச் சாவிகள் அப்படியே இருக்கின்றன. மரங்களின் மேல் மரங்களாக அடுக்கி, அடிமட்டத்தில் 2⁶³ என்ற அளவுக்கு இடங்களை வைத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இடத்தைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எப்போதாவது இரண்டு செய்திகள் ஒரே இடத்தில் விழுந்தாலும் தாங்கும்படி, அங்கே சிலமுறை பயன்படுத்தத்தக்க வேறொரு ஹேஷ் கையொப்பம் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலுள்ள வின்டர்னிட்ஸ் சாவிகள் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள பகுதியின் உச்சி மதிப்புக்கு மட்டும் கையொப்பமிடுகின்றன. அந்த உச்சி விதையிலிருந்து வருவது, மாறாதது. ஆகவே, அந்தச் சாவி ஆயிரம் முறை இயங்கினாலும் ஆயிரம் முறையும் ஒரே செய்திக்கு ஒரே கையொப்பத்தைத்தான் தருகிறது. புதிதாக எதுவும் வெளியாவதில்லை. இங்கே நம் நிபந்தனையின் சரியான வடிவம் தெரிகிறது. தடை செய்யப்பட்டது இரண்டாம் முறை அல்ல, இரண்டாம் செய்தி. இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் உறுதிப்படுத்தலாம். 2018-ல் கஸ்டெல்நோவி, மார்ட்டினெல்லி, பிரெஸ்ட் ஆகியோர், கையொப்பமிடும் கருவியில் கணக்கு நடக்கும்போது ஒரு பிழையைப் புகுத்தினால் கீழ்மரத்தின் உச்சி தவறாக வரும் என்றும், மேலுள்ள ஒருமுறைச் சாவி இரண்டாவது மதிப்பு ஒன்றுக்குக் கையொப்பமிட்டுவிடும் என்றும், அதை வைத்துப் பொய்க் கையொப்பம் கட்டலாம் என்றும் காட்டினார்கள். மரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஒரு சாவி, ஒரே செய்தி என்பது உள்ளே ஓரிடத்தில் மீறப்பட்டால் போதும்.

இன்னும் நுட்பமான ஓர் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. ரகசியத்தைக் காட்டாமலே அது தன்னிடம் உண்டு என்று மெய்ப்பிக்கும் நிரூபணங்களைச் சமச்சீர் மறையாக்கத்தையும் ஹேஷையும் மட்டும் கொண்டு கட்டலாம். பிக்னிக் என்ற கையொப்ப முறை அப்படிக் கட்டப்பட்டது. அதில் ஒரே சாவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே? உண்மைதான். ஆனால் அங்கே கையொப்பமிடுபவர் ஒவ்வொரு முறையும் ரகசியத்தைப் புதிய தற்போக்கு எண்களைக் கொண்டு துண்டுகளாக்கி, அவற்றில் சிலவற்றை மட்டும் திறந்து காட்டுகிறார். அதே துண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை வேறு சிலவற்றைத் திறந்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். அங்கும் ஒருமுறைப் பொருள் இருக்கிறது. அது சாவியில் இல்லாமல், ஒவ்வொரு கையொப்பத்தோடும் பிறந்து மடியும் துண்டுகளில் இருக்கிறது. அதன் விலையும் கையொப்பத்தின் அளவில் தெரிகிறது.

ஆகவே, ஹேஷ் கையொப்பங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு முறை என்ற நிபந்தனையை யார் காப்பது என்ற கேள்விதான். ஆண்டுக்குச் சில முறை ஃபர்ம்வேர் வெளியிடும் நிறுவனம், ஒரே இடத்தில், ஒரே வன்பொருளில், பதிவேட்டோடு கையொப்பமிடுகிறது. அங்கே எண்ணிக்கையைக் காக்க முடியும். 2,500 பைட் கையொப்பம் போதும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2022-ல் எக்ஸ்.எம்.எஸ்.எஸ்., எல்.எம்.எஸ். முறைகளை மென்பொருளுக்கும் ஃபர்ம்வேருக்கும் கையொப்பமிடப் பரிந்துரைத்தது இந்தக் கணக்கில்தான். பல இயந்திரங்களில் பரவி, பேக்கப்பிலிருந்து மீண்டு, நகலெடுக்கப்படும் சூழலில் காவலை மனிதரிடம் விடக் கூடாது. ஃபிப்ஸ் 205-இன் மிகச் சிறிய கையொப்பமே 7,856 பைட்டுகள். கூடுதலாகச் செலுத்தும் அந்த ஐயாயிரத்துச் சொச்சம் பைட்டுகள், எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிப்பதற்கான விலை. இரண்டில் எதை எடுத்தாலும் நிபந்தனை நீங்குவதில்லை. அதை வரிசை எண்ணாகச் சுமக்கலாம், பைட்டுகளாகவும் சுமக்கலாம். சுமக்காமல் இருக்க முடியாது.